முதல் டப்பா எது? கிரியேட்டின், பீட்டா-அலனைன், சிட்ருலின்

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ ஜிம்மில் சேர்ந்து ஒன்றிரண்டு மாதம் ஆனவர் காதில் மூன்று பெயர்கள் கண்டிப்பாக விழுந்திருக்கும். கிரியேட்டின், பீட்டா-அலனைன், சிட்ருலின். கடையில் மூன்றும் ஒரே அலமாரியில்தான் நிற்கும். எதை வாங்குவது என்று கேட்டால், "மூணும் கலந்ததே இருக்கு தம்பி, இதை எடுத்துக்கோங்க" என்று ஒரு பிரீ-வொர்க்அவுட் டப்பாவைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மூன்றும் உடம்பில் செய்யும் வேலை வேறு, வேலை செய்ய எடுத்துக்கொள்ளும் காலமும் வேறு. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கரண்டியில் போட்டால் மூன்றின் பலனும் கிடைக்கும் என்பது நடக்காத காரியம். ஏன் என்று சொல்வதற்கு ஒரு ஆளை எடுத்துக்கொண்டு பார்ப்பதுதான் எளிது.

வயது 21, எடை 62 கிலோ, வீட்டில் சைவச் சாப்பாடு. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஜிம். ஸ்குவாட் 40 கிலோவில் மூன்று செட், ஒவ்வொன்றிலும் 8 ரெப். பிறகு பெஞ்ச் பிரஸ், ரோயிங், ஷோல்டர் பிரஸ், அதே மூன்று செட் கணக்கில். கையில் இருக்கும் காசுக்கு ஒரு டப்பாதான் வாங்க முடியும். இவர் முதலில் செய்யவேண்டியது போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுத் தன் செட் எவ்வளவு நேரம் நடக்கிறது என்று பார்ப்பது. 8 ரெப் ஸ்குவாட் ஏறக்குறைய 30 விநாடியில் முடிந்துவிடும். நிதானமாக இறங்கி ஏறினாலும் 40 விநாடியைத் தாண்டாது. அடுத்த செட்டுக்கு முன் இரண்டு நிமிடம் ஓய்வு. எந்தப் பொடி இவருக்குப் பொருந்தும் என்பதில் பாதியை இந்த 30 விநாடியே சொல்லிவிடுகிறது.

தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாகும் பொருள் ஏடிபி. தசைக்குள் அது தயாராக இருக்கும் அளவு முழு வேகத்தில் ஓரிரு விநாடிக்கு மட்டுமே வரும். செலவான ஏடிபியை உடனுக்குடன் புதுப்பிப்பது பாஸ்போகிரியேட்டின். கனமான செட்டின் முதல் பத்து விநாடி பெரும்பாலும் இதன் பொறுப்பு. அதற்கு மேல் சர்க்கரையை எரிக்கும் வழி கூடுதலாகத் தோள் கொடுக்கிறது. ஓய்வு எடுக்கும்போது பாஸ்போகிரியேட்டின் மறுபடி நிரம்புகிறது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் பாதி வந்துவிடும், முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். இரண்டாவது, மூன்றாவது செட்டில் ரெப் குறைவதற்கு இந்த அரைகுறை நிரப்பலும் ஒரு காரணம். தசையில் கிரியேட்டின் இருப்பு கூடினால் செட்டின் தொடக்கத்தில் கையில் இருப்பது கூடும், ஓய்வில் நிரம்புவதும் சுறுசுறுப்பாகும். புதியவர் செய்யும் பயிற்சி முழுவதும் இந்த 30 விநாடி வேலையும் இரண்டு நிமிட ஓய்வும்தான். அதனால்தான் கிரியேட்டின் அவருக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது.

கிரியேட்டின் ஏதோ ஆய்வகத்தில் புதிதாகப் பிறந்த மருந்து அல்ல. 1832-ல் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த பொருள். நம் உடம்பே சிறுநீரகத்திலும் கல்லீரலிலுமாகச் சேர்ந்து நாளுக்கு ஏறத்தாழ 1 கிராம் தயாரிக்கிறது. மீன், இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு உணவிலிருந்து இன்னொரு கிராம் வரலாம். சமைக்காத மீனில் கிலோவுக்கு 3 முதல் 5 கிராம் இருக்கும், வகையைப் பொறுத்து ஏறும் இறங்கும். கடலூர் துறைமுகத்தில் இறங்கும் மீன் எவ்வளவு புதிதாக இருந்தாலும், தினமும் 3 கிராம் கிரியேட்டின் வேண்டுமென்றால் முக்கால் கிலோ மீன் சாப்பிட வேண்டியிருக்கும். 70 கிலோ எடையுள்ளவர் உடம்பில் மொத்தம் 120 கிராம் அளவுக்கு இருக்கும், அதில் 95 சதவீதம் தசையில். உச்ச வரம்பு 160 கிராம் அளவில் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பொடியின் வேலை. சைவச் சாப்பாட்டுக்காரரிடம் தொடக்க இருப்பே குறைவு, ஆகவே இடைவெளி பெரிது, கிடைக்கும் பலனும் பொதுவாகக் கூடுதல். நாள்தோறும் மீனும் கறியுமாகச் சாப்பிடும் சிலருக்கு இருப்பு ஏற்கெனவே வரம்பை ஒட்டி இருக்கும். அவர்கள் "நான் போட்டும் ஒண்ணும் தெரியலையே" என்று சொல்வது பொய் இல்லை.

பலன் எவ்வளவு? எடைப் பயிற்சியோடு கிரியேட்டின் எடுத்தவர்களைப் பற்றிய 22 ஆய்வுகளைத் தொகுத்து 2003-ல் வந்த கட்டுரை ஒன்றில், கிரியேட்டின் இல்லாத போலிப் பொடி எடுத்தவர்களின் வலிமை சராசரியாக 12 சதவீதமும் கிரியேட்டின் எடுத்தவர்களின் வலிமை 20 சதவீதமும் கூடியிருந்தது. இதைச் சரியாகப் படிக்க வேண்டும். பயிற்சி மட்டுமே 12 கொடுத்தது, கிரியேட்டின் அதன் மேல் 8 சேர்த்தது. பயிற்சி இல்லாமல் பொடி மட்டும் குடித்தால் அந்த 20 வராது. நம் ஆளின் நோட்டில் இது எப்படித் தெரியும் என்றால், 8, 8, 6 என்று முடிந்துகொண்டிருந்த ஸ்குவாட் ஒரு மாதம் கழித்து அதே எடையில் 8, 8, 8 ஆகும். அடுத்த வாரம் 42.5 கிலோ ஏற்றலாம். ஒரே நாளில் இது பெரிதாகத் தெரியாது. அப்படிக் கூடுகிற ஒன்றிரண்டு ரெப்கள் வாரா வாரம் சேர்ந்துதான் தசையாகின்றன.

அளவு எளிது. தினமும் 3 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட். நல்ல உடல்வாகு உள்ளவர், 85, 90 கிலோ என்றால் 5 கிராம். ஜிம் போகாத நாளிலும் எடுக்க வேண்டும். எந்த நேரம் என்பது முக்கியமில்லை, மறக்காத நேரமாக இருந்தால் போதும். தொடக்கத்தில் ஐந்தாறு நாள் தினமும் 20 கிராம் என்று ஏற்றும் முறை ஒன்று உண்டு. ராஜர் ஹாரிஸ் குழுவினர் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், 5 கிராம் வீதம் நாளுக்கு நான்கு அல்லது ஆறு தடவை கொடுத்துத் தசையில் இருப்பு கூடுவதைக் காட்டினார்கள். ஆனால் 1996-ல் வந்த இன்னொரு ஆய்வு, தினம் 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தாலும் அதே இருப்பை எட்டலாம் என்று காட்டிவிட்டது. அடுத்த வாரம் போட்டி இருப்பவருக்கு முதல் முறை வேண்டியிருக்கலாம். புதியவருக்கு என்ன அவசரம்? மெதுவான முறையே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஏற்றும் முறையில்தான் பெரும்பாலான வயிற்றுக் கோளாறுகள் வருகின்றன. 10 கிராமை ஒரே தடவையில் குடித்தால் கரையாத பொடி குடலில் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கு ஆகும். அதற்குப் பிறகு பலர் கிரியேட்டினே ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் அந்த அளவுதான்.

கரைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 14 கிராம்தான் கரையும். அப்படியானால் 3 கிராமுக்கு 200 முதல் 250 மில்லி தண்ணீர் வேண்டும். அரை டம்ளரில் கலக்கினால் அடியில் மணல் போலத் தங்கிவிடும், அதையும் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடித்துவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் கரையும். கரைத்த பிறகு அன்றைக்கே குடித்துவிடுங்கள். தண்ணீரில் நிற்கும் கிரியேட்டின் மெல்ல மெல்லக் கிரியேட்டினினாக, அதாவது பயனற்ற கழிவாக மாறுகிறது. புளிப்பு கூடக் கூட அந்த மாற்றம் வேகமாகும். எலுமிச்சைச் சாற்றில் கலந்து உடனே குடிப்பதில் தவறில்லை. நாலு நாளுக்குச் சேர்த்துக் கலந்து வைப்பதுதான் தவறு. உலர்ந்த பொடி அப்படிக் கெடாது, நம் ஊர் வெயிலிலும் நன்றாகவே தாங்கும். கடற்கரை ஊர்களின் தொல்லை ஈரம். தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் கட்டி தட்டும். கட்டியாக, ஆனால் உலர்ந்து இருந்தால் நசுக்கிப் பயன்படுத்தலாம். ஈரமாகப் பிசுபிசுத்து நிறமோ வாடையோ மாறியிருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். கட்டி தட்டிய பொடியில் ஸ்கூப் அளவும் பொய் சொல்லும். நகைக்கடைத் தராசு மாதிரி சிறிய மின்தராசு ஒன்று இருந்தால், ஒரு தடவை நிறுத்துப் பார்த்துத் தலைதட்டிய ஸ்கூப் எத்தனை கிராம் என்று தெரிந்துகொள்ளலாம்.

கிரியேட்டின் தொடங்கியவரை முதலில் பயமுறுத்துவது எடை. 62 கிலோ 63 ஆகும், ஏற்றும் முறையில் ஒரே வாரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ கூடவும் செய்யும். இது கொழுப்பு இல்லை. கிரியேட்டின் தசைக்குள் போகும்போது கூடவே போகும் தண்ணீர். எடை குறைக்க ஜிம்முக்கு வந்தவர் இதைத் தெரிந்து வைத்திருக்காவிட்டால் இரண்டாம் வாரமே டப்பாவை ஓரம் கட்டிவிடுவார். அவர் இடுப்பை டேப் வைத்து அளந்துகொள்ளட்டும். எடை கூடி இடுப்பு அளவு மாறாமல் இருந்தால் அது தண்ணீர்தான். அக்னி நட்சத்திரத்தில் கிரியேட்டின் உடம்பு நீரை வற்றவைத்துவிடும், தசைப்பிடிப்பு வரும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அந்த வெயிலில் மின்விசிறி மட்டுமே உள்ள ஜிம்மில் பயிற்சி செய்பவருக்குத் தண்ணீரும் உப்பும் கூடுதலாகத் தேவை என்பது உண்மை, அது பொடி போடாதவருக்கும் பொருந்தும். முடி கொட்டும் என்ற பயத்துக்கு 2009-ல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்களிடம் நடந்த ஒரு ஆய்வுதான் மூலம். அதில் ஒரு ஹார்மோன் அளவு கூடியிருந்தது. அவர்கள் தலைமுடியை யாரும் அளக்கவே இல்லை.

இதைவிடப் பெரிய கலவரம் ரத்தப் பரிசோதனையில் வரும். கிரியேட்டின் உடம்பில் உடைந்தால் வருவது கிரியேட்டினின். தசையில் இருப்பு கூடினால் தினம் உடைவதும் கூடும், ரத்தத்தில் கிரியேட்டினின் சற்று ஏறும். ஆய்வகம் இந்த எண்ணை வைத்துத்தான் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிடுகிறது. நம் 21 வயதுக்காரருக்கு முன்பு கிரியேட்டினின் 1.0 என்று இருந்தால், இப்போதைய சூத்திரத்தின்படி வடிகட்டும் திறன் 109 அல்லது 110 என்று வரும். அதுவே 1.2 ஆனால் 88 என்று வரும். சிறுநீரகம் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது, ஆனால் தாளில் 20 புள்ளிக்கு மேல் இறங்கிவிட்டது. பரிசோதனைக்கு முதல் நாள் கடுமையாகப் பயிற்சி செய்தாலும், இரவு நிறையக் கறி சாப்பிட்டாலும் இந்த எண் ஏறும். எனவே மருத்துவரிடம் கிரியேட்டின் எடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அவர் சிஸ்டாட்டின்-சி என்ற பரிசோதனையும் சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கச் சொல்வார், அவற்றைக் கிரியேட்டின் பொடி இப்படிக் குழப்புவதில்லை. தொடங்குவதற்கு முன்பே ஒரு தடவை கிரியேட்டினின் பார்த்துத் தாளைப் பத்திரப்படுத்தினால் பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு இந்த அளவில் கேடு வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிறுநீரக நோய் உள்ளவர், அதற்கு மருந்து எடுப்பவர், ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ பல வருடங்களாக உள்ளவரும் முதலில் பரிசோதித்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

இனி பீட்டா-அலனைன். இது ஒரு அமினோ அமிலம். தசைக்குள் போய் ஹிஸ்டிடினோடு சேர்ந்து கார்னோசின் ஆகிறது. ஒரு கடுமையான வேலை ஒரு நிமிடத்தைத் தாண்டும்போது சர்க்கரை வேகமாக எரிந்து தசையில் அமிலத்தன்மை ஏறும், தொடை பற்றி எரியும், கால் நகர மறுக்கும். அந்த அமிலத்தை ஓரளவு தாங்கிக்கொள்வது கார்னோசின். கிரியேட்டின் ஆய்வைச் செய்த அதே ராஜர் ஹாரிஸ்தான் 2006-ல் பீட்டா-அலனைன் கொடுத்தால் தசையில் கார்னோசின் கூடுகிறது என்று காட்டினார். தினமும் 3.2 முதல் 6.4 கிராம் வரை, குறைந்தது நான்கு வாரம் எடுக்க வேண்டும். இதன் பலன் தெளிவாகத் தெரிவது ஒன்றிலிருந்து நான்கு நிமிடம் வரை நீடிக்கும் முழுமூச்சான வேலையில். அங்கேயும் கூடுவது இரண்டு மூன்று சதவீதம்தான். 30 விநாடி ஸ்குவாட்டில் அமிலம் அந்த அளவுக்கு ஏறுவதற்குள் செட்டே முடிந்துவிடுகிறது. ஆகவே நம் ஆளுக்கு இது தேவைப்படும் இடமே இன்னும் வரவில்லை.

ஆனால் கடையில் நன்றாக விற்பது இதுதான், அதற்குக் காரணம் அந்தச் சுருசுருப்பு. 800 மில்லிகிராமுக்கு மேல் ஒரே தடவையில் போட்டால் கால் மணி நேரத்தில் முகம், காது, கழுத்து, புறங்கையெல்லாம் சுருசுருவென்று ஊறும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும், ஆபத்து கிடையாது. தோலில் இருக்கும் நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வருவது அது. தசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "போட்டதும் ஏறுது பாரு" என்று சொல்கிறார்களே, அந்த ஏற்றம் தோலோடு நின்றுவிடுகிறது. கார்னோசின் அன்றைக்குக் கூடியிருக்காது, அதற்கு வாரங்கள் வேண்டும். இந்த ஊறலைப் பொறுக்க முடியாதவர் 800 மில்லிகிராம் வீதம் நாளுக்கு நான்கு தடவையாகப் பிரித்து, மூன்று நான்கு மணி நேர இடைவெளியில் சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் தெரியாது.

இந்தப் பகுதியில் பீட்டா-அலனைன் உண்மையாகவே யோசிக்க வேண்டிய ஒரு கூட்டம் உண்டு, காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் அந்த ஒன்றிலிருந்து நான்கு நிமிட வரம்புக்குள் சரியாக விழுகிறது. ஆண்கள் ஓடும் 1500 மீட்டருக்கு 7 நிமிடம் என்பது வரம்பைத் தாண்டியது, அங்கே பலன் மங்கிவிடும். அப்படி எடுப்பதென்றால் தேர்வுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும், தேர்வன்று காலையில் மட்டும் போட்டுப் போனால் காது ஊறுவதைத் தவிர ஒன்றும் நடக்காது. இதே கூட்டத்துக்குக் கிரியேட்டினில் ஒரு எச்சரிக்கை: கூடும் ஒரு கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் 1500 மீட்டர் ஓட வேண்டும். கயிறு ஏறும்போதும் அந்த ஒரு கிலோ கூடவே ஏறும். தொடங்குவதானால் பல மாதம் முன்பே தொடங்கி, அந்த எடையோடு ஓடிப் பழகியிருக்க வேண்டும். ஓட்டத்தில் நேரம் இழுபறியாக இருப்பவர் தேர்வு முடியும்வரை கிரியேட்டினைத் தள்ளிவைப்பது நல்லது.

சிட்ருலின் கதை வேறு. 1914-ல் ஜப்பானில் கோகா, ஓடாகே என்ற இருவர் தர்பூசணிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தது. குடித்தால் சிறுநீரகத்தில் ஆர்ஜினினாக மாறி, அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி, ரத்தக் குழாய்கள் சற்றுத் தளர்ந்து விரிகின்றன. ஆர்ஜினினையே நேராகக் குடித்தால் குடலும் கல்லீரலும் அதில் பெரும்பங்கை முன்பே எடுத்துக்கொண்டுவிடும். அதனால் சிட்ருலின் குடித்தால்தான் ரத்தத்தில் ஆர்ஜினின் நன்றாக ஏறுகிறது. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் சுத்தமான எல்-சிட்ருலின் என்றால் 6 கிராம், சிட்ருலின் மாலேட் என்றால் 8 கிராம் என்பது ஆய்வுகளில் வழக்கமான அளவு. திண்டிவனம் சாலையோரம் குவித்து விற்கும் தர்பூசணியிலேயே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பழத்துக்குப் பழம் மாறுபட்டாலும் கிலோ சதையில் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று கிராம்தான் இருக்கும். 6 கிராமுக்குப் பல கிலோ சாப்பிட்டுவிட்டு யாரும் ஸ்குவாட் போட முடியாது. வெயிலுக்குச் சாப்பிடுங்கள், அந்தக் கணக்குக்காக வேண்டாம்.

பலனைப் பற்றி, 2010-ல் வந்த ஒரு ஆய்வு பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. 41 பேர் 8 கிராம் சிட்ருலின் மாலேட் எடுத்துப் பெஞ்ச் பிரஸ் செய்தார்கள், கடைசி செட்டில் ரெப் எண்ணிக்கை பாதிக்கு மேல் கூடியது என்றார்கள். டப்பா விளம்பரங்களில் இன்றும் அந்த எண்தான் வருகிறது. பிறகு வந்த ஆய்வுகள் சிலவற்றில் சிறிய பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் முழுப் பயிற்சியிலும் சேர்த்து மூன்று ரெப் கூடுகிறது, அவ்வளவே. அதுவும் எல்லா செட்டையும் இனி ஒரு ரெப்கூட முடியாது என்ற எல்லைவரை தள்ளுகிறவர்களிடம். இன்னும் ஸ்குவாட்டில் முதுகு வளையாமல் இறங்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரை அந்த எல்லைக்குத் தள்ளவே கூடாது. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் 2018 அறிக்கை, விளையாட்டுத் திறனுக்கு நல்ல சான்று உள்ளவை என்று காஃபின், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா-அலனைன், சோடியம் பைகார்பனேட் ஆகிய ஐந்தைச் சொல்கிறது. சிட்ருலின் அதில் இல்லை. பம்ப் நன்றாக வரும், கை பருத்துத் தெரியும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர், இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர், ஆண்மைக் குறைவுக்குச் சில்டெனாஃபில் போன்றவற்றை எடுப்பவர் இதை மருத்துவரைக் கேட்காமல் எடுத்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கக்கூடும்.

இப்போது அந்தக் கடைக்காரர் நீட்டிய கலவை டப்பாவுக்கு வருவோம். இப்படி ஒரு லேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஸ்கூப்பில் சிட்ருலின் மாலேட் 3 கிராம், பீட்டா-அலனைன் 1.6 கிராம், கிரியேட்டின் 1 கிராம், காஃபின் 200 மில்லிகிராம். பயிற்சி நாளில் மட்டும் ஒரு ஸ்கூப், வாரம் மூன்று. கிரியேட்டின் வாரத்துக்கு 3 கிராம் கிடைக்கிறது, தேவை 21 கிராம். உடம்பு தினமும் இயல்பாக இழப்பதே ஏறத்தாழ 2 கிராம், அதனால் இருப்பு நகரவே நகராது. பீட்டா-அலனைன் வாரத்துக்கு 4.8 கிராம், தேவை 22 கிராமுக்கு மேல். மாலேட்டில் மூன்றில் ஒரு பங்கு மாலிக் அமிலம், மீதி சிட்ருலின் 2 கிராம்தான், அளவில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் 1.6 கிராம் பீட்டா-அலனைன் காதை ஊறவைக்கப் போதும், காஃபின் உற்சாகப்படுத்தப் போதும். அதனால் வாங்கியவருக்கு ஏதோ பலமாக வேலை செய்கிறது என்றே தோன்றும். சாயங்காலம் 7 மணிக்குக் குடித்த 200 மில்லிகிராம் காஃபினில் பாதி நள்ளிரவிலும் ரத்தத்தில் இருக்கும். தூக்கம் போனால் மறுநாள் செட்டும் போகும். எதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் 'புரொப்ரைட்டரி பிளெண்ட்' என்று மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால் இந்தக் கணக்கைக்கூடப் போட முடியாது. அந்த டப்பாவைத் திருப்பி வைத்துவிடலாம்.

வாங்க வேண்டியது, மூலப்பொருள் பட்டியலில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற ஒரே வரி உள்ள, மணமோ நிறமோ சேர்க்காத டப்பா. 250 கிராம் டப்பா தினம் 3 கிராம் வீதம் 83 நாள் வரும். ஹைட்ரோகுளோரைடு என்ற பெயரில் விற்பது தண்ணீரில் நன்றாகக் கரைகிறது, தசைக்குக் கூடுதல் நன்மை காட்டப்படவில்லை, விலை மட்டும் ஏறுகிறது. எத்தில் எஸ்டர் வகை இன்னும் மோசம், தசையை எட்டுவதற்குள் பெரும்பகுதி கிரியேட்டினினாகிவிடும். லேபிளில் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கும், அதை அந்த அமைப்பின் இணையதளத்தில் போட்டு, வரும் நிறுவனப் பெயரும் டப்பாவில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். மூடிக்குக் கீழே உள்ள சீல் பிரிந்திருந்தாலோ, தயாரிப்பு எண் அழிந்திருந்தாலோ, அதே டப்பா மற்ற கடைகளைவிடப் பாதி விலைக்குக் கிடைத்தாலோ வேண்டாம். டம்ளரில் கலந்து பார்ப்பதும் சிறிது உதவும். சுத்தமான மோனோஹைட்ரேட் வெள்ளையாக, ஏறக்குறைய சுவையே இல்லாமல், லேசான கசப்போடு இருக்கும். இனித்தாலோ, கூழ்போலக் கெட்டியானாலோ வேறு ஏதோ மாவு கலந்திருக்கிறது. கலப்படம் இல்லை என்று இந்தச் சோதனையை வைத்து உறுதி சொல்ல முடியாது, வெளிப்படையான மோசடியை மட்டுமே பிடிக்கும்.

எப்போது தொடங்குவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஜிம்மில் சேர்ந்த முதல் ஆறு வாரம் எதுவும் வேண்டாம். அந்த ஆறு வாரத்தில் தூக்கும் எடை வேகமாக ஏறுவது நரம்பும் தசையும் அந்த அசைவைப் பழகிக்கொள்வதால். அப்போதே பொடியும் தொடங்கினால் எது எதன் பலன் என்று பிரிக்க முடியாது. 18 வயது ஆகாதவர்கள் ஆறு வாரம் ஆனாலும் தொடங்க வேண்டாம், அவர்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் பயிற்சியும் போதும். மற்றவர்கள் ஏழாம் வாரத்தில் அந்த வார எடை, இடுப்பு அளவு, நான்கு பயிற்சிகளின் ரெப் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு 3 கிராமில் தொடங்கலாம். நான்கு வாரம் கழித்துக் கடைசி செட்டை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், மாற்றம் அங்கேதான் முதலில் தெரியும். இடையில் ஓரிரு நாள் மறந்தால் ஈடு கட்ட இரட்டிப்பாகப் போட வேண்டாம். மாதக்கணக்கில் எடுத்துவிட்டு இடைவெளி விட வேண்டிய அவசியமும் இல்லை. நிறுத்தினால் நான்கு முதல் ஆறு வாரத்தில் இருப்பு பழைய நிலைக்குத் திரும்பும், கூடிய தண்ணீர் எடையும் அதோடு இறங்கும். எட்டு வாரம் ஒழுங்காக எடுத்தும் கடைசி செட் அசையவில்லை என்றால், இரண்டாவது டப்பா வாங்குவதற்கு முன் தினம் சாப்பிடும் புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். 62 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 100 கிராம் அளவில் புரதம் வேண்டும். இரண்டு வேளை சாதம் சாம்பாரும் ஒரு வேளை இட்லியுமாகச் சாப்பிடும் சைவ வீட்டில் பெரும்பாலும் அதில் பாதிதான் வரும். சுண்டல், சோயா, பன்னீர், தயிர் என்று அந்தக் குறையை நிரப்பிய பிறகு செட்டுகள் எல்லைவரை போக ஆரம்பித்து, பயிற்சி ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால், அப்போது சிட்ருலினை ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம்.